சுடுகுழம்பும் குளிர்சாதனப் பெட்டியும்: ஒரு மே மாதத்து அளவீட்டுக் குறிப்புகள்

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி 190 லிட்டர் கொள்ளளவு கொண்டது. ஒற்றைக் கதவு, ஒன்பது ஆண்டு உழைப்பு, ஃபிரீசரில் சேரும் பனியை நாமே பொத்தானை அழுத்திக் கரைக்க வேண்டிய பழைய வகை. சென்ற மே மாதத் தொடக்கத்தில் அது சரியாகக் குளிரவில்லை. கதவில் வைத்த பால் மறுநாள் காய்ச்சும்போது திரிந்தது. பனியைக் கரைத்து விட்டால் பத்தே நாளில் மறுபடியும் விரல் கனத்துக்குச் சேர்ந்தது. கம்ப்ரசர் ஓய்வதே அபூர்வமாக இருந்தது. பழுதுபார்க்க வந்தவர் கதவைத் திறந்து பார்த்தார், பின்பக்கம் குனிந்து கம்ப்ரசரைத் தொட்டுப் பார்த்தார், பிறகு, "சூடா எதையாவது உள்ள வெச்சிருப்பீங்க சார், அதான் கம்ப்ரசர் வீக்காயிடுச்சு" என்று சொல்லி, அதை மாற்றுவதற்கு ஒரு தொகையையும் சொன்னார். என் மாமியார் கூடத்திலிருந்தே என்னைப் பார்த்தார். "நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன் மாப்பிள்ளை, ஆறாம உள்ள வைக்காதீங்கன்னு" என்று அவர் சொல்லவில்லை. பார்வையே போதுமானதாக இருந்தது.

கம்ப்ரசர் வீக்காகிவிட்டது என்ற தீர்ப்பை ஏற்கும் முன், அதைவிட மலிவான காரணங்களைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். கதவின் ஓரத்தில் ஓடும் ரப்பர் காஸ்கெட்டைச் சோதிப்பதற்குக் கருவி ஏதும் தேவையில்லை. ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுக்க வேண்டும். காகிதம் பிடிவாதமாக நின்றால் அந்த இடத்தில் காஸ்கெட் நன்றாக ஒட்டுகிறது என்று பொருள். சுற்றிலும் பதினாறு இடங்களில் இழுத்துப் பார்த்ததில், கீல் பக்கத்துக் கீழ் மூலையில் மட்டும் காகிதம் வெண்ணெயில் கத்தி போல வழுக்கி வந்தது. ரப்பரின் விளிம்பு உள்பக்கமாக மடிந்து, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வாய் திறந்திருந்தது. சென்னையின் ஈரக்காற்று இரவும் பகலும் அந்த வாய் வழியாக உள்ளே போய், ஃபிரீசரின் தகட்டில் பனியாகப் படிந்துகொண்டிருந்தது. பனி தடிக்கத் தடிக்கத் தகடு உள்ளிருக்கும் வெப்பத்தை உறிஞ்சும் வேகமும் குறைந்தது. சுடுநீரில் பிழிந்த துணியால் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுத்து, இளகிய விளிம்பை இழுத்து நேராக்கி, இரவு முழுவதும் கதவைத் திறக்காமல் விட்டேன். காலையில் காகிதம் நின்றது. கம்ப்ரசர் 13 நிமிடம் ஓடி 17 நிமிடம் ஓயும் ஒழுங்கான தாளத்துக்குத் திரும்பியிருந்தது.

பழுது அத்துடன் தீர்ந்தது. ஆனால் மாமியாரின் பார்வை தீரவில்லை. சூடான பாத்திரம் பெட்டியைக் கெடுக்குமா, உணவு முழுவதும் ஆறிய பிறகுதான் உள்ளே போக வேண்டுமா என்ற கேள்வி வீட்டில் அப்படியே நின்றது. விடுமுறையும் கையில் இருந்ததால், அளந்தே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கம்பி முனையுள்ள இரண்டு டிஜிட்டல் வெப்பமானிகள், பிளக் பாயின்ட்டில் செருகி எத்தனை யூனிட் ஓடியது என்று காட்டும் ஒரு சிறு மின்மானி, ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவையே கருவிகள். மலிவான வெப்பமானிகளை அப்படியே நம்பக் கூடாது என்பதால், நொறுக்கிய ஐஸ் நிறைந்த டம்ளரில் கொஞ்சம் நீர் ஊற்றி அதில் முனையை அமிழ்த்திப் பார்த்தேன். ஒன்று 0.2 டிகிரி காட்டியது, மற்றது 1.1 காட்டியது. கொதிநீரில் இரண்டும் 100-ஐ ஒட்டியே நின்றன. கடல்மட்டத்தில் இருக்கும் ஊரில் இந்தச் சோதனை எளிது. 1.1 காட்டியதைப் பெட்டிக்குள் பயன்படுத்தும்போதெல்லாம் ஒரு டிகிரியைக் கழித்தே எழுதினேன். கம்பி மெல்லியது என்பதால் அதன் மேலேயே கதவை மூட முடிந்தது. அந்த இடத்திலும் காகிதச் சோதனை செய்துகொண்டேன். பெட்டியின் நடுத்தட்டில் ஒரு டம்ளர் நீரை வைத்து அதற்குள் ஒரு முனையை விட்டேன். காற்றின் வெப்பநிலை கதவைத் திறக்கும் போதெல்லாம் துள்ளும்; டம்ளர் நீர் பக்கத்தில் இருக்கும் பாலைப் போலவே நடந்துகொள்ளும், எனவே அதுவே நம்பகமான சாட்சி. வழக்கமான ஒரு நாளில் டம்ளர் நீர் 5.5 டிகிரியில் நின்றது, 24 மணி நேரத்தில் 0.84 யூனிட் ஓடியது, சமையலறை 34 டிகிரியில் இருந்தது.

சோதனைக்காகச் சாம்பாரை வீணாக்குவதற்கு வீட்டில் அனுமதி கிடைக்காது. ஆகவே மூன்று லிட்டர் நீரில் இரண்டு கைப்பிடி அரிசிமாவைக் கரைத்துக் காய்ச்சி, சாம்பாரின் பதத்துக்கு ஒரு கஞ்சி தயாரித்துக்கொண்டேன். வெறும் நீரைவிடக் கெட்டியான திரவம் மெதுவாக ஆறும் என்பதால் இந்தப் பதம் முக்கியம்.

முதல் நாள், எங்கள் வீட்டு வழக்கப்படியே செய்தேன். அதாவது அடுப்பிலிருந்து இறக்கிய எவர்சில்வர் பாத்திரத்தைத் தட்டுப் போட்டு மூடி, சமையல் மேடையில் புரிமணையின் மேல் வைத்து, ஆறட்டும் என்று விட்டேன். காலை 11.30-க்கு 94 டிகிரி. பிற்பகல் 2.20-க்கு 60. மாலை 5.40-க்கு 45. இரவு 7.50-க்கு 40. இரவு 9.30-க்குத் தொட்டுப் பார்த்த மாமியார், "இப்ப ஆறிடுச்சு" என்றார். வெப்பமானி 38 காட்டியது. நம் உடம்பின் சூடே 37 டிகிரி என்பதால், கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை அதற்குப் பக்கத்தில் இருக்கும் எதையும் "ஆறியது" என்றே சொல்லும். அதோடு, 34 டிகிரி சமையலறையில் மூடிய எந்தப் பாத்திரமும் எத்தனை மணி நேரம் வைத்தாலும் 34-க்குக் கீழே போகப்போவதில்லை. பாத்திரத்துக்கும் அறைக்கும் இடையிலான வேறுபாடு குறையக் குறைய ஆறும் வேகமும் குறைவதால், கடைசிச் சில டிகிரிகளே மிக அதிகமான நேரத்தை விழுங்குகின்றன. 94-லிருந்து 60-க்கு வர மூன்று மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு; 60-லிருந்து 40-க்கு வர ஐந்தரை மணி நேரம்.

இந்த ஐந்தரை மணி நேரத்தில்தான் விஷயமே இருக்கிறது. சமைக்கும் கொதிநிலையில் பாக்டீரியாக்கள் செத்துவிடும். ஆனால் சில இனங்களின் விதைத்துகள்கள், அதாவது ஸ்போர்கள், கொதிப்பையும் தாங்கிக்கொண்டு அடியில் கிடக்கும். குழம்பு 60 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது அவை முளைக்கின்றன. இறைச்சிக் குழம்புகளில் தொல்லை தரும் குளோஸ்டிரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் 43 முதல் 46 டிகிரி வரையிலான வெப்பத்தில்தான் மிக வேகமாகப் பெருகும். சாதகமான உணவு கிடைத்தால் பத்து நிமிடத்துக்குள் ஒன்று இரண்டாகிவிடும். பத்து நிமிடக் கணக்கே எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் ஒன்று 64 ஆகும், இரண்டு மணி நேரத்தில் 4,096 ஆகும். என் மூடிய பாத்திரம் 46-லிருந்து 43-க்கு இறங்குவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. குளிர்நாட்டில் 18 டிகிரி சமையலறையில் "ஆறவைத்து உள்ளே வை" என்று சொல்வதும், சென்னையின் மே மாதத்தில் அதையே சொல்வதும் ஒன்றல்ல. அங்கே அந்தப் பாத்திரம் ஆபத்தான வரம்பைக் கடந்து போகும். இங்கே அந்த வரம்புக்குள்ளேயே குடியிருக்கும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவுரையும் இதை ஒட்டியதே. சமைத்த உணவை 2 மணி நேரம் வரை வெளியே வைத்திருக்கலாம், வெளி வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் 1 மணி நேரம் வரை மட்டுமே, சூடான உணவை நேரடியாகவே குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம் என்பதே அது.

இந்தக் கணக்கை மாமியாரிடம் காட்டியபோது அவர் சொன்ன மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. "எங்க காலத்துல பெட்டியே இல்ல, புளிக்குழம்பு மறுநாளும் நின்னுச்சே" என்றார். நின்றது உண்மை. புளியின் அமிலம் இந்தப் பாக்டீரியாக்களின் பெருக்கத்தை மட்டுப்படுத்தும். எண்ணெய் மிதக்கச் சுண்டக் காய்ச்சிய வத்தக்குழம்பும், தேங்காய் அரைத்த கூட்டும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை என்பதை எந்தச் சமையல்காரரும் அறிவார். பருப்பு மிகுந்து புளி மட்டாக இருக்கும் சாம்பாரை நான் கூட்டின் பக்கமே சேர்ப்பேன். "திரும்பக் கொதிக்க வெச்சா சரியாயிடும்" என்ற அவருடைய இரண்டாவது வாதமும் பாதி சரியானது. நன்றாகக் கொதிக்க வைத்தால் வளர்ந்த பாக்டீரியாக்கள் சாகும். சோற்றில் வரும் பேசில்லஸ் சீரியஸ் விஷயத்தில் அது உதவாது. வாந்தியை உண்டாக்கும் அதன் நஞ்சு கொதிநிலைக்கு அசையாது. பாக்டீரியா செத்தாலும் அது சுரந்துவைத்த நஞ்சு சோற்றிலேயே இருக்கும், மணத்திலும் சுவையிலும் தெரியவும் தெரியாது. நீரூற்றிப் புளிக்கவைக்கும் பழைய சோற்றின் கதை வேறு; அங்கே அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடுகின்றன. குக்கரிலேயே மூடிக் கிடக்கும் வெறுஞ்சோற்றுக்கு அந்தக் காவல் கிடையாது.

அடுத்த கேள்வி பெட்டியைப் பற்றியது. இரண்டாம் நாள் அதே கஞ்சியை 60 டிகிரிக்கு ஆறவிட்டு, 4 அகலமான எவர்சில்வர் டப்பாக்களில் நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றி, மூடி போட்டுக் கீழ்த்தட்டில் வைத்தேன். டப்பாக்களின் அடியில் மடித்த துண்டு ஒன்றை விரித்தேன், ஏனெனில் சில்லென்றிருக்கும் கண்ணாடித் தட்டின் மேல் சுடுபாத்திரத்தை நேராக வைப்பது தேவையில்லாத சோதனை. கம்ப்ரசர் 3 மணி 10 நிமிடம் நிற்காமல் ஓடியது. நடுத்தட்டின் டம்ளர் நீர் 5.5-லிருந்து மெல்ல ஏறி, ஒன்றரை மணி நேரத்தில் 8.8-ஐத் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கியது. டப்பாவுக்குள் இருந்த கஞ்சி 2 மணி 20 நிமிடத்தில் 21 டிகிரிக்கும், ஐந்து மணி நேரத்தில் 10 டிகிரிக்கும் வந்தது. வழக்கத்தைவிடக் கூடுதலாக ஓடிய மின்சாரம் 0.13 யூனிட். எந்தக் கட்டண அடுக்கில் கணக்குப் போட்டாலும் அது இரண்டு ரூபாயைத் தொடவில்லை. இதே கஞ்சியை இரவு வரை ஆறவைத்து 38 டிகிரியில் வைத்திருந்தால் கூடுதல் செலவு ஏறத்தாழ 0.07 யூனிட்டாக இருந்திருக்கும். ஆக, முழுவதும் ஆறவைப்பதன் மூலம் மிச்சமாவது ஒரு யூனிட்டில் நூற்றில் ஆறு பங்கு. அதற்காகக் கொடுக்கும் விலை, பாக்டீரியாவுக்குப் பிடித்த வெப்பத்தில் ஐந்தாறு மணி நேரம்.

கம்ப்ரசர் மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடியதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமியாருக்கு மனம் பதறியது; நானும் ஒருமுறை போய்த் தொட்டுப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வழக்கமான சூட்டில்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், கடையிலிருந்து புதிதாக வந்த பெட்டியை முதன்முறை போடும்போது அது வெளிச்சூட்டிலிருந்து 5 டிகிரிக்கு வரும்வரை மணிக்கணக்கில் ஓடுகிறது. நீண்ட மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும் ஒவ்வொரு முறையும் அதையே செய்கிறது. அதற்கு ஏற்றபடிதான் அதைச் செய்திருக்கிறார்கள். சாதாரண கம்ப்ரசருக்குக் கடினமான நொடி, நின்ற நிலையிலிருந்து கிளம்பும் நொடிதான். அப்போது ஓட்டத்தில் இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். நீண்ட ஓட்டம் அதைவிட இலேசானது. பெட்டியின் பின்னால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை "டிக்" என்று கேட்டு, கம்ப்ரசர் கிளம்ப முயன்று கிளம்பாமல் அடங்கினால், பார்க்க வேண்டியது குறைந்த மின்னழுத்தத்தையோ ஸ்டார்ட்டிங் ரிலேயையோதான், உள்ளே இருக்கும் சாம்பாரை அல்ல.

அப்படியானால் அந்த எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது, ஐஸ்பெட்டிக் காலத்துக்கு அது முற்றிலும் பொருந்தும் என்று தோன்றியது. மின்சாரப் பெட்டிகள் வருமுன் வசதியானவர்கள் வீட்டில் ஐஸ் கட்டியை வைத்த மரப்பெட்டிகளே இருந்தன. அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமிக்க 1842-இல் கட்டிய கிடங்குதான் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ். மூன்று லிட்டர் குழம்பை 60-லிருந்து 7 டிகிரிக்கு இறக்கக் கழிக்க வேண்டிய வெப்பம் ஏறக்குறைய இரண்டு கிலோ ஐஸைக் கரைத்துவிடும். கடல் கடந்து வந்த ஐஸில் இரண்டு கிலோ என்றால், சுடுபாத்திரத்தை உள்ளே வைக்காதே என்பதைவிடச் சரியான சொல் இருக்க முடியாது. கம்ப்ரசர் வந்த பிறகும் சொல் மட்டும் தங்கிவிட்டது.

மூன்றாம் நாள், எச்சரிக்கையில் எந்தப் பகுதி இன்னும் உண்மை என்று தெரிந்துகொள்ள, வேண்டுமென்றே தவறாகச் செய்தேன். பாலையும் தயிரையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய மூன்று லிட்டர் கஞ்சியை 94 டிகிரியில், மூடாமல், நடுத்தட்டில் வைத்தேன். அரை மணி நேரத்தில் மேல்தட்டின் அடியில் முத்து முத்தாக வியர்த்து, துளிகள் கொத்தமல்லிக் கட்டின் மேல் சொட்டின. டம்ளர் நீர் 14 டிகிரிக்கு ஏறியது. கம்ப்ரசர் 5 மணி 15 நிமிடம் ஓடிய பிறகே ஓய்ந்தது. ஃபிரீசரின் கதவோரத்தில் உப்புத் தூவியது போல் புதுப் பனி படிந்திருந்தது. பெட்டி கெடவில்லை. ஆனால் உள்ளே பால் இருந்திருந்தால் அது கெட்டிருக்கலாம். அண்டைப் பாத்திரங்கள் சூடேறுவதும், ஆவி பனியாவதும் உண்மையான தொல்லைகள். இரண்டுமே கொதிக்கக் கொதிக்க, மூடாமல், பெருங்கொள்ளளவாக வைப்பதால் வருபவை. 190 லிட்டர் பெட்டிக்கு இது ஒரு வரம்பு. அதில் பத்து லிட்டர் பாயசத்தை ஒரேயடியாக வைக்க நான் துணிய மாட்டேன்.

இந்த மூன்று நாளிலும் நான் எதிர்பாராத ஒன்று நான்காம் நாள் தெரிந்தது. 60 டிகிரிக் கஞ்சியைப் பிரிக்காமல், ஒரே ஆழமான பாத்திரத்தில், மூடி உள்ளே வைத்தேன். அண்டைப் பொருள்கள் அதிகம் சூடேறவில்லை, கம்ப்ரசரும் அடக்கமாகவே ஓடியது. ஆனால் நான்கு மணி நேரம் கழித்தும் பாத்திரத்தின் நடுவில் 26 டிகிரி. எட்டு மணி நேரம் கழித்து 13. பெட்டிக்குள் வைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் நாம் தூங்கப் போய்விடுகிறோம், நடுவில் இருக்கும் குழம்போ நள்ளிரவிலும் அறைச்சூட்டிலேயே இருக்கிறது. உணவகங்களுக்கான அமெரிக்க உணவு விதித்தொகுப்பு, சமைத்த உணவை 57-லிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள்ளும், மொத்தம் 6 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் கொண்டுவரச் சொல்கிறது. ஆழமான பாத்திரம் இந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. 4 டப்பாக்கள் முதல் பாதியைச் சற்றே தவறவிட்டன. அவற்றையும் உள்ளே வைப்பதற்கு முன் இன்னும் கொஞ்சம் இறக்கினால் அந்தப் பாதி சரியாகிவிடும். ஆக, கேள்வியே ஆறியதா ஆறவில்லையா என்பதிலிருந்து எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்பதற்கு மாறிவிட்டது.

வேகமாக இறக்குவதற்கு இரண்டு வழிகளை அளந்தேன். மூடியை எடுத்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே வைத்து அவ்வப்போது கிளறினால், 94-லிருந்து 60-க்கு வர 50 நிமிடம் ஆனது. மூடி வைத்தபோது ஆன நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆவியாகப் போவதுதான் அந்த வேகத்தைக் கொடுக்கிறது. அதனாலேயே 60-க்குக் கீழே வந்ததும் அது தளர்ந்துவிடுகிறது. இரண்டாவது வழி, பாத்திரத்தை நீர் நிறைந்த அகலமான பேசினில் உட்கார வைத்துக் கரண்டியால் கிளறுவது. முதல் எட்டு லிட்டர் நீரில் 9 நிமிடத்தில் 60-க்கு வந்தது. நீரை மாற்றி இன்னொரு எட்டு லிட்டர் ஊற்றியதும் அடுத்த 8 நிமிடத்தில் 45. இங்கே ஒரு சிக்கலை எழுதியாக வேண்டும். மே மாத நண்பகலில் எங்கள் மொட்டைமாடித் தொட்டியின் நீர் குழாயில் 38 டிகிரியில் வந்தது. அதை நம்பித் தொடங்கிய முதல் முயற்சி வீணாயிற்று. விடியற்காலையில் வாளியில் பிடித்து வைத்து, 32-க்கு அடங்கிய நீரைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. கடைசிச் சுற்றில் இரண்டு தட்டு ஐஸைப் போட்டால் 30-க்கும் கீழே இறக்கலாம், ஆனால் தொடக்கத்திலேயே ஐஸைப் போடுவது ஊதாரித்தனம். 94 டிகிரிச் சூட்டுக்கு 32 டிகிரி நீரே போதுமான அளவு குளிர்ந்தது.

கிளறுவதும் விருப்பத்தைப் பொறுத்த வேலை அல்ல. ஒருமுறை தொலைபேசி வந்து கிளறாமல் விட்டபோது, பாத்திரத்தின் ஓரத்தில் 44 காட்டியது, நடுவில் முனையை நகர்த்தியதும் 63. வெப்பமானி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ள முடியும் என்பதை அந்தப் பத்தொன்பது டிகிரி காட்டியது.

சோற்றுக்குப் பேசின் உதவாது, ஏனெனில் சோற்றைக் கிளறினால் குழையும். குக்கரிலேயே விட்டுவைத்த இரண்டு கிலோ சோற்றின் நடுவில் நான்கு மணி நேரத்துக்குப் பிறகும் 48 டிகிரி இருந்தது. அதே சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பினேன். புளியோதரைக்கு உதிர் உதிராக ஆறவைப்பதற்கு வீட்டில் செய்வதுதான். 15 நிமிடத்தில் 40-க்கு வந்தது. உடனே டப்பாவில் அள்ளி மூடி உள்ளே வைத்தோம். இந்த ஒரு இடத்தில் மாமியாரின் கைப்பழக்கமே எந்த வெப்பமானிக்கும் முன்னால் சரியான விடையைக் கண்டுபிடித்திருந்தது. அதைச் சோற்றைச் சேமிப்பதற்குப் பயன்படுத்தாமல் சுவைக்கு மட்டும் பயன்படுத்தியிருக்கிறோம்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை கஞ்சியை விட்டுவிட்டு உண்மையான குழம்பில் செய்து பார்த்தோம். ஆட்டுக்கறிக் குழம்பு, சாப்பிட்டு முடித்தபின் மீந்தது சுமார் இரண்டு லிட்டர். பிற்பகல் 1.40-க்கு அதை மறுபடியும் ஒரு கொதி வரவிட்டு இறக்கினோம், ஏனெனில் பந்தியில் ஒன்றரை மணி நேரம் திறந்திருந்த குழம்பில் கரண்டிகள் பல போய் வந்திருந்தன. பேசினில் வைத்து எலும்பைத் தள்ளித் தள்ளிக் கிளறியதில் 1.58-க்கு 46 டிகிரி. கறித்துண்டின் நடுவில் முனையைக் குத்திப் பார்த்தபோது 55 இருந்தது; குழம்பைவிடக் கறி பின்தங்கும் என்பதை அப்போதுதான் கவனித்தேன், எனவே இன்னும் ஐந்து நிமிடம் கிளறினோம். 2.05-க்கு மூன்று டப்பாக்களில் பிரித்து, மூடி, மடித்த துண்டின் மேல் கீழ்த்தட்டில் வைத்தோம். டப்பாக்களுக்கு இடையே காற்றோட்டத்துக்கு இரண்டு விரல் இடைவெளி விட்டு, பாலை மேல்தட்டில் ஃபிரீசருக்கு அடியில் மாற்றினோம். மாலை 3.40-க்கு 21 டிகிரி, 6.30-க்கு 9. டம்ளர் நீர் 7.4-க்கு மேல் ஏறவில்லை. கம்ப்ரசர் ஒரு மணி 20 நிமிடம் ஓடி ஓய்ந்தது. திங்கட்கிழமை காலை அதை இட்லிக்கு ஊற்றினோம்.

இப்போது எங்கள் வீட்டில் மீந்த குழம்பு பிற்பகலிலேயே உள்ளே போகிறது. "ஆறிடுச்சா" என்று கேட்பதற்குப் பதிலாக "அறுபதுக்குக் கீழ வந்துடுச்சா மாப்பிள்ளை" என்று மாமியார் கேட்கிறார். வெப்பமானியைத் தானே எடுத்துக் குத்தவும் தொடங்கிவிட்டார், மறுபடி கழுவி வைப்பதுதான் இல்லை. நாள்தோறும் இளஞ்சூட்டில் ஏதாவது ஒன்று பெட்டிக்குள் போய் மூன்று வாரம் ஆன பிறகு, ஃபிரீசரின் பனியை அளவுகோலை வைத்துப் பார்த்தேன். 4 மில்லிமீட்டர். காஸ்கெட்டின் மூலை மடிந்திருந்த காலத்தில், இரவு வரை ஆறவைத்த பாத்திரங்களே பெரும்பாலும் உள்ளே போனபோது, பத்து நாளில் 15 மில்லிமீட்டர் சேர்ந்திருந்தது.